பின்மொழிபெயர்ப்பில் தேறிய பதினோராவது கேள்வி

செவிலியர் கல்லூரி, சமூகப்பணித் துறை, சமுதாய மருத்துவத் துறை என்று எந்த ஆய்வேட்டைப் புரட்டினாலும் பின்னிணைப்பில் ஒரு பக்கச் சான்றிதழ் இருக்கும். ஆங்கில வினாத்தாளைத் தமிழாசிரியர் ஒருவர் தமிழாக்கினார், வேறொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கினார், இரண்டு ஆங்கிலமும் பொருந்தின. கீழே கையெழுத்தும் முத்திரையும். ஆய்வு முறை அத்தியாயத்தில் இதற்கு ஒரே வரிதான் கிடைக்கும்: கருவி தமிழில் சரிபார்க்கப்பட்டது. அந்த ஒரு வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. இரண்டு ஆங்கில வாக்கியங்கள் ஒத்துப்போனால், அந்த இரண்டு வாக்கியங்களும் ஒத்துப்போயின என்று தெரியும், அவ்வளவுதான். நடுவில் இருக்கிற தமிழை வீட்டு வாசலில் நின்று கேட்கிற ஒருவர் எதை மனதில் வைத்துப் பதில் சொல்கிறார் என்பதற்கு அந்தச் சான்றிதழில் இடமே இல்லை. வினாத்தாள் அளப்பதோ அந்தப் பதிலைத்தான்.

இப்படி மொழிபெயர்த்ததைத் திரும்ப மூலமொழிக்கே கொண்டுபோய்ப் பார்ப்பதுதான் பின்மொழிபெயர்ப்பு. அதை ஆய்வுலகில் பரவச் செய்தவர்களில் முக்கியமானவர் உளவியலாளர் ரிச்சர்ட் பிரிஸ்லின். 1970-ல் வெளியான அவருடைய கட்டுரையிலேயே எச்சரிக்கை இருக்கிறது. இருமொழி தெரிந்தவர்கள் மோசமான மொழிபெயர்ப்பிலிருந்துகூட மூலத்தை ஊகித்து எடுத்துவிடுவார்கள். மூலமொழியின் இலக்கணம் மொழிபெயர்ப்பில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தால் திரும்பப் போவது இன்னும் சுலபம் என்றார். அதாவது, தமிழ் எவ்வளவுக்கு ஆங்கில வாடை அடிக்கிறதோ அவ்வளவுக்குப் பின்மொழிபெயர்ப்பு அழகாகப் பொருந்தும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த எச்சரிக்கையை விட்டுவிட்டு முறையை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இதைப் பொதுவாகப் பேசினால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் ஒரே ஒரு கருவியை, அதிலும் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளில் அது என்ன ஆகிறது என்று பார்க்கலாம். கருவியின் பெயர் எச்-வைஸ். குடும்பத்தின் தண்ணீர்ப் பாதுகாப்பின்மையை அளக்கும் அளவுகோல். 2019-ல் வெளியானது. 23 நாடுகளில் 28 இடங்களில் 8,127 வீடுகளில் திரட்டிய தரவிலிருந்து உருவாக்கப்பட்டது. இது லிட்டரை அளப்பதில்லை, குழாயை எண்ணுவதில்லை. கடந்த 4 வாரங்களில் தண்ணீரால் வீட்டில் என்னென்ன நடந்தது என்று 12 கேள்விகள் கேட்கிறது: போதுமான தண்ணீர் கிடைக்குமோ என்ற கவலை, வரத்து தடைபடுவது, துணி துவைக்க முடியாமல் போவது, போட்டிருந்த வேலைத் திட்டம் மாறுவது, சமையல் மாறுவது, கை கழுவ முடியாதது, குளிக்க முடியாதது, வேண்டிய அளவு குடிக்கத் தண்ணீர் இல்லாதது, கோபம், தாகத்தோடு தூங்கப் போவது, வீட்டில் தண்ணீரே இல்லாமல் போவது, கடைசியாக அவமானம். ஒருமுறையும் இல்லை என்றால் 0, ஒன்றிரண்டு தடவை என்றால் 1, 3 முதல் 10 வரை என்றால் 2, 11-லிருந்து 20 என்றாலும் 20-க்கு மேல் என்றாலும் 3. எல்லாம் சேர்ந்து அதிகபட்சம் 36. கூட்டுத்தொகை 12 அல்லது அதற்கு மேல் வந்தால் அந்த வீடு தண்ணீர்ப் பாதுகாப்பற்றது.

இந்தக் கருவியைத் தேர்ந்தெடுக்கக் காரணம் நம் பக்கத்துத் தண்ணீர்தான். ஆழ்துளைக் கிணற்று நீரில் அளவுக்கு மீறி ஃப்ளோரைடு உள்ள மாவட்டங்கள் இவை. ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தபின் பல ஊர்களில் ஒரே வீட்டில் இரண்டு தண்ணீர் இருக்கிறது. குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும். போர் தண்ணீர் மற்ற எல்லாவற்றுக்கும். எச்-வைஸ் கேள்விகள் 'தண்ணீர்' என்று ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகின்றன. சிக்கல் அங்கேதான் ஆரம்பமாகிறது.

முதலில் இரண்டு பேர், பிறகு இரண்டு பேர்

முறையை ஒழுங்காகச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதுவே பெரும்பாலும் செய்யப்படுவதில்லை. தமிழாக்கம் செய்ய ஒருவர் போதாது. ஒருவர் மற்றவருடையதைப் பார்க்காமல் இரண்டு பேர் தனித்தனியே செய்ய வேண்டும். ஒருவருக்குக் கருவி எதை அளக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும், இன்னொருவருக்குத் தெரியாமல் இருப்பது நல்லது. இந்த இரண்டாம் ஆள் உள்ளூர்ப் பேச்சுப் பழகியவராக இருந்தால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் எச்-வைஸ் படிக்கக் கொடுக்கும் தாள் இல்லை, வாய்விட்டுக் கேட்கும் தாள். 'இன்னலுற்றீர்களா' என்று அச்சில் இருந்தால் களப்பணியாளர் அந்த இடத்தில் தன் சொந்தச் சொல்லைப் போட்டுத்தான் கேட்பார். பத்துக் களப்பணியாளர்கள் இருந்தால் பத்து வினாத்தாள்கள் ஆகிவிடும்.

இரண்டு தமிழாக்கங்களையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து ஒன்றாக்க வேண்டும். எங்கே இருவரும் வேறுபட்டார்கள், எதை ஏன் எடுத்தோம் என்று கேள்விவாரியாக எழுதி வைக்க வேண்டும். இதற்கு முன்பே ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஒரு கருத்துக் குறிப்பு எழுதப்பட்டிருக்க வேண்டும்: இந்தக் கேள்வி எதைப் பிடிக்கப் பார்க்கிறது, எது இதில் சேராது. இந்தக் குறிப்பு இல்லாத மொழிபெயர்ப்புக் கூட்டம் சொல் சண்டையாகத்தான் முடியும். அடுத்து, மூலத்தைப் பார்த்திராத, இந்தத் துறையே தெரியாத இரண்டு பேரிடம் தமிழை மட்டும் கொடுத்து ஆங்கிலமாக்கச் சொல்ல வேண்டும். துறை தெரிந்தவரைக் கூப்பிட்டால் அவர் தமிழில் இருக்கும் ஓட்டையைத் தன் அறிவால் அடைத்துவிடுவார். ஓட்டை இருந்தது நமக்குத் தெரியாமலே போகும். எல்லாம் வந்தபின் மூலம், இணைத்த தமிழ், திரும்பி வந்த இரண்டு ஆங்கிலம், கருத்துக் குறிப்பு என்று ஒரே வரிசையில் அடுக்கி, குழு உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும். அதற்குப்பின் 30, 40 பேரிடம் முன்சோதனை.

இவ்வளவும் வீண் என்று யாரும் நினைக்க வேண்டாம். பின்மொழிபெயர்ப்பு பிடிக்கும் தவறுகள் உண்மையான தவறுகள். '4 வாரங்கள்' என்பது தமிழில் 'போன மாசம்' என்று ஆகியிருந்தால் திரும்பும்போது அது மாட்டிக்கொள்ளும். போன மாசம் என்றால் ஒருவர் ஆடி மாதத்தை நினைப்பார், இன்னொருவர் ஜூலையை நினைப்பார்; இன்று வரைக்குமான 28 நாளை யாரும் நினைக்க மாட்டார்கள். 'நீங்களோ உங்கள் வீட்டில் யாருமோ' என்பது 'உங்க வீட்ல யாராச்சும்' என்று சுருங்கியிருந்தாலும் தெரிந்துவிடும். இது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் 'வீட்ல யாராச்சும்' என்று கேட்டால் பதில் சொல்கிற பெண் தன்னை விட்டுவிட்டுக் கணவரையும் பிள்ளைகளையும் மட்டும் எண்ணக்கூடும். தண்ணீருக்காகக் குடம் தூக்குகிறவரே கணக்கிலிருந்து விழுந்துவிடுவார். விடுபட்டது, கூடியது, கால அளவு மாறியது, எதிர்மறை புரண்டது: இவற்றையெல்லாம் பின்மொழிபெயர்ப்பு நன்றாகவே பிடிக்கும். அதோடு அதன் வேலை முடிந்தது.

பதினோராவது கேள்வி

பதினோராவது கேள்வியின் மூலம் இதைத்தான் கேட்கிறது: வீட்டில் பயன்படுத்தக்கூடிய அல்லது குடிக்கக்கூடிய தண்ணீர் எதுவுமே இல்லாத நிலை எத்தனை தடவை வந்தது? இதற்குக் கருத்துக் குறிப்பு எழுதினால் இப்படி எழுதலாம்: எல்லா வகைத் தண்ணீரும் தீர்ந்து, எந்த வேலைக்கும் எடுக்க எதுவும் இல்லாத நிலை, அளவுகோலின் கடுமையான முனை. இதன் தமிழாக்கம் எளிதாகவே அமைந்துவிடும். 'கடந்த 4 வாரங்களில், உங்கள் வீட்டில் பயன்படுத்தவோ குடிக்கவோ தண்ணீரே இல்லாத நிலை எத்தனை தடவை ஏற்பட்டது?' இதை முதல் வடிவம் என்று வைத்துக்கொள்வோம். இதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. யாரிடம் கொடுத்தாலும் மூலத்தின் ஆங்கிலம் ஏறக்குறைய சொல்லுக்குச் சொல் திரும்பி வரும். குழு ஒரு நிமிடத்தில் இதைத் தாண்டிப் பன்னிரண்டாவதுக்குப் போய்விடும்.

இப்போது இதைப் பென்னாகரம் பக்கத்தில், நாலு நாளுக்கு ஒருமுறை ஒகேனக்கல் தண்ணீர் விடும் ஒரு ஊரில் கேட்பதாக வைத்துக்கொள்வோம். முன்சோதனையில் வெறும் பதிலைக் குறித்துக்கொண்டு நகராமல், பதில் எப்படி வந்தது என்று துருவிக் கேட்கும் நேர்காணலாக இதைச் செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் பேச்சு ஏறக்குறைய இப்படி அமையும்.

"தண்ணியே இல்லாம எத்தன தடவ ஆச்சுங்கக்கா?"

"அது ஆகும் கண்ணு, அஞ்சாறு தடவ ஆயிருக்கும்."

"எந்தத் தண்ணிய நெனச்சுச் சொல்றீங்க?"

"எந்தத் தண்ணினா? நல்ல தண்ணிதான். ஒகேனக்கல் தண்ணி."

"அன்னிக்கு வீட்ல வேற தண்ணி ஏதாச்சும் இருந்துச்சுங்களா?"

"போர் தண்ணி இருக்குமே, தொட்டி நெறைய இருக்கு. அதுக்கென்ன."

"அப்ப குடிக்கறதுக்கு என்ன பண்ணீங்க?"

"பக்கத்து வீட்ல ரெண்டு கொடம் வாங்கிக்குவோம். அதுவும் இல்லன்னா கேன் வாங்கணும்."

தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும் வீட்டில் 'தண்ணீரே இல்லை' என்பதற்கு அஞ்சாறு தடவை, மதிப்பெண் 2. அந்தப் பெண் தவறாகச் சொல்லவில்லை. இந்த ஊர்ப் பேச்சில் 'தண்ணி வரல', 'தண்ணி இல்ல' என்றால் குடிதண்ணீர் வரவில்லை என்றுதான் அர்த்தம். போர் தண்ணீர் தீர்ந்தால் 'போர் ஓடல' என்பார்கள். கேள்வி கேட்டது எல்லாத் தண்ணீரும் தீர்ந்ததை. பதில் வந்தது குடிதண்ணீர் தீர்ந்ததற்கு. அதற்கு ஏற்கெனவே எட்டாவது கேள்வி இருக்கிறது. ஆக, அளவுகோலில் கடுமையான முனைக்கென்று வைத்த கேள்வி, நடுவில் இருக்கும் இன்னொரு கேள்வியின் நகலாகிவிட்டது. பின்மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதைப் பார்த்திருக்க முடியாது. அவர் முன்னால் இருந்தது வாக்கியம் மட்டும். அவருக்குத் தொட்டி தெரியாது.

சரி, திருத்துவோம். உடனே தோன்றுவது 'ஒரு சொட்டுத் தண்ணிகூட இல்லாம' என்று அழுத்துவது. அது உதவாது. 'ஒரு சொட்டுத் தண்ணி இல்ல' என்பது தமிழில் சலித்துக்கொள்ளும்போது சொல்வது. அழுத்தம் கூடக்கூட ஆம் என்று சொல்வது எளிதாகும். தவிர, தொட்டியின் அடியில் புழு நெளியும் ரெண்டு குடம் கிடந்தால் மூலத்தின்படி அது தண்ணீர் இல்லாத நிலைதான், ஆனால் சொட்டுக் கணக்கில் தண்ணீர் இருக்கிறது. வேறு வழி, ஊரிலேயே வழங்கும் பிரிவைப் பயன்படுத்துவது. குடிக்கிற தண்ணி, பொழங்குற தண்ணி என்று மக்களே பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். 'ஒகேனக்கல் தண்ணி, போர் தண்ணி, வெலைக்கு வாங்குற தண்ணி எதுவுமே இல்லாம, குடிக்கவும் பொழங்கவும் வீட்ல தண்ணியே இல்லாத நெலம எத்தன தடவ வந்துச்சு?' இது இரண்டாம் வடிவம். இதைக் கேட்டால் அதே பெண் 'அப்படியெல்லாம் இல்ல கண்ணு, போர் இருக்குதே' என்பார். மதிப்பெண் 0.

இந்த இரண்டாம் வடிவத்தைப் பின்மொழிபெயர்ப்புக்கு அனுப்பினால் என்ன நடக்கும் என்பதுதான் இந்தக் கட்டுரையையே எழுத வைத்தது. திரும்பி வரும் ஆங்கிலத்தில் மூலத்தில் இல்லாத ஒகேனக்கல் இருக்கும், போர் இருக்கும், விலைக்கு வாங்குவது இருக்கும். பொருத்தம் பார்த்து மதிப்பிடும் குழு இதற்குச் சிவப்பு மையில் வட்டம் போடும்: சேர்க்கை, மூலத்திலிருந்து விலகல், திருத்துக. முதல் வடிவம் முழு மதிப்பெண்ணோடு தேறும். அளக்க வேண்டியதை அளக்கும் கேள்வி விழுகிறது, அளக்காத கேள்வி தேறுகிறது. இதனால்தான் கருத்துக் குறிப்பு வேண்டும் என்று முன்னால் சொன்னது. திரும்பி வந்த ஆங்கிலத்தை மூலத்தின் சொற்களோடு ஒப்பிடாமல், குறிப்போடு ஒப்பிட்டால் இரண்டாம் வடிவம் நிற்கும். அப்போதும், களத்தில் துருவிக் கேட்ட பதில்கள் கையில் இருந்தால்தான் குழு அதை நம்பும்.

இங்கே ஒரு ஆசை எழும், அதை அடக்க வேண்டும். போர் தண்ணீரில் ஃப்ளோரைடு இருக்கிறதே, அதைக் 'குடிக்கக்கூடிய தண்ணீர்' என்று எப்படிக் கணக்கில் எடுப்பது, கேள்வியிலேயே அதைச் சேர்த்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். ஃப்ளோரைடுக்கு நிறமில்லை, நீரில் இருக்கும் அளவில் சுவையும் தெரியாது. மக்கள் போர் தண்ணீரை ஒதுக்குவது பெரும்பாலும் உப்புக் கரிப்பதால். குடிநீருக்கான எல்லையான லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகிறதா என்பதை ஆய்வகம்தான் சொல்லும். எச்-வைஸ் அளப்பது குடும்பம் உணர்ந்து அனுபவித்ததை. ஃப்ளோரைடை விளக்கிவிட்டுக் கேள்வி கேட்டால் விழிப்புணர்வுக் கூட்டத்தின் விளைவை அளப்போம். ஃப்ளோரைடு தெரிய வேண்டுமென்றால் பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போய் அளப்பது நல்லது.

முறை வைத்து விடும் தண்ணீர்

இரண்டாவது கேள்வியில் இதே நோய் வேறு உருவில் வருகிறது. முக்கியத் தண்ணீர் வரத்து தடைபட்டதோ குறைந்ததோ எத்தனை தடவை என்று அது கேட்கிறது. நாலு நாளுக்கு ஒருமுறை விடும் ஊரில் 28 நாளில் 7 தடவை தண்ணீர் வரும், 21 நாள் வராது. ஒருவர் வராத நாளையெல்லாம் எண்ணினால் 21, மதிப்பெண் 3. இன்னொருவர் வர வேண்டிய நாளில் மோட்டார் பழுதாகி வராமல் போனதை மட்டும் எண்ணினால் 1, மதிப்பெண்ணும் 1. இருவரும் ஒரே தெரு, ஒரே குழாய். 'தடைபட்டது' என்ற சொல்லில் குற்றமில்லை. மூலம் எழுதியவர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வருவதை உதாரணமாகச் சேர்த்திருக்கிறார்கள். அதை வைத்துப் பார்த்தால் இரண்டாமவர் எண்ணியதுதான் சரி. எனவே தமிழில் 'தண்ணி விட வேண்டிய அன்னிக்கு விடாம போனது, இல்ல எப்பவும் விடறதவிடக் கம்மியா விட்டது' என்று விரிக்க வேண்டும். தண்ணீர் எந்த ஒழுங்கும் இல்லாமல் வரும் ஊரில் இந்த விரிப்பும் உதவாது. அங்கே களப்பணியாளருக்குத் தனிக் குறிப்பு எழுதி, எல்லோரும் ஒரே மாதிரி எண்ணச் செய்வதைத் தவிர வழியில்லை. இன்னொன்று: 'எத்தனை முறை' என்று எழுதாதீர்கள். முறை வைத்துத் தண்ணீர் விடும் ஊரில் முறை என்றால் தங்கள் பங்கு வரும் நாள். 'தடவை' பாதுகாப்பானது.

பன்னிரண்டாவது, அவமானக் கேள்வியை மொழியால் மட்டும் தீர்க்க முடியாது. மூலம் அவமானம், ஒதுக்கப்படுதல், களங்கப்படுதல் மூன்றையும் ஒரே கேள்வியில் கட்டியிருக்கிறது. 'வெட்கம்' என்று போட்டால் கூச்சம் என்று புரிந்துகொண்டு சிரிப்பார்கள். 'அவமானமா இருந்துச்சா, இல்ல உங்கள ஒதுக்கின மாதிரி இருந்துச்சா' என்பது பரவாயில்லை. ஆனால் பொதுக்குழாயடியில் சாதி பார்த்து நிற்கவைக்கும் தெருவில், நாலு பேர் சூழ நின்று கேட்டால் எந்தச் சொல்லைப் போட்டாலும் 'அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல' என்றுதான் பதில் வரும். யார் கேட்கிறார்கள், எந்தத் தெருவிலிருந்து வந்தவர், வீட்டுக்குள் கேட்டாரா வாசலில் கேட்டாரா என்பதைப் பதிவு செய்து வைத்தால் பிறகு எண்களைப் பார்க்கும்போது உதவும்.

எண்கள் எங்கே ஏமாற்றும், எங்கே காட்டிக்கொடுக்கும்

துருவிக் கேட்கும் நேர்காணல்களைச் சுற்றுக்கு எட்டுப் பத்துப் பேர் என்று செய்து, கேள்வியைத் திருத்தி, மறுசுற்று வைத்து, புதுச் சிக்கல் வருவது நின்றபின்தான் 200, 300 வீடுகளுக்குப் போக வேண்டும். அங்கேயும் ஒரு பொறி காத்திருக்கிறது. எல்லோரும் முதலில் பார்ப்பது குரோன்பாக் ஆல்ஃபா. 0.7-க்கு மேல் வந்துவிட்டால் கருவி நம்பகமானது என்று எழுதிவிடுவார்கள். ஆல்ஃபா கேள்விகள் ஒன்றோடொன்று சேர்ந்து நகர்கின்றனவா என்று மட்டும் பார்க்கிறது. குடிதண்ணீர்க் கேள்வியாக மாறிவிட்ட பதினோராவது கேள்வி, எட்டாவது கேள்வியோடு நன்றாகவே சேர்ந்து நகரும். எனவே தவறான முதல் வடிவத்தில் ஆல்ஃபா குறையாது. கொஞ்சம் கூடக்கூடச் செய்யலாம்.

காட்டிக்கொடுப்பது கடுமையின் வரிசை. கவலையும் தடையும் பல வீடுகளில் ஆம் வாங்கும். தாகத்தோடு தூங்குவதும் தண்ணீரே இல்லாமல் போவதும் சில வீடுகளில்தான் ஆம் வாங்க வேண்டும். பதினோராவது கேள்வி அந்த வரிசையில் கீழிருந்து மேலேறி நடுவில் வந்து உட்கார்ந்திருந்தால் ஏதோ கோளாறு. அதை உறுதிசெய்ய மூன்றாவது கேள்வியோடு குறுக்கு அட்டவணை போட்டால் போதும். வீட்டில் உண்மையிலேயே எந்தத் தண்ணீரும் இல்லாத நாட்கள் இருந்தால் துணி துவைப்பது தடைபடாமல் இருக்க வழியில்லை. உதாரணத்துக்கு, 200 வீடுகளில் 60 வீடுகள் பதினோராவதுக்கு 3 தடவைக்கு மேல் என்று சொல்லி, அவற்றில் 45 வீடுகள் துணி துவைப்பதில் ஒருநாளும் சிரமமில்லை என்று சொல்லியிருந்தால், அந்த 45 வீட்டிலும் போர் ஓடிக்கொண்டிருந்தது என்று அங்கே போகாமலே சொல்லிவிடலாம். இதற்கு எக்செல் போதும். பெரிய புள்ளியியல் மாதிரிகளுக்கெல்லாம் போகும் முன் இந்த ஒரு அட்டவணையைப் போடாதவர்களே அதிகம்.

விளைவு என்ன என்று ஒரு வீட்டின் கணக்கில் பார்க்கலாம். கவலை 2, தடை 2, துணி 0, திட்டம் 2, சமையல் 1, கை 0, குளியல் 0, குடிநீர் 2, கோபம் 1, தாகத்தோடு தூக்கம் 0, அவமானம் 0. கூட்டினால் 10. பதினோராவதுக்கு இரண்டாம் வடிவத்தில் 0 வந்தால் மொத்தம் 10-லேயே நிற்கும். வீடு எல்லைக்கு இந்தப் பக்கம். முதல் வடிவத்தில் 2 வந்தால் மொத்தம் 12. வீடு தண்ணீர்ப் பாதுகாப்பற்ற பட்டியலில் ஏறிவிடும். குடிதண்ணீர் போதாமைக்கு எட்டாவது கேள்வியில் ஏற்கெனவே 2 வாங்கிவிட்டது. அதே கஷ்டத்துக்கு இரண்டாம் முறை 2. இரண்டு தண்ணீர் உள்ள ஊர்களில் மட்டும் இப்படி எண்ணிக்கை வீங்கும். ஒரே தண்ணீர் உள்ள ஊரோடு ஒப்பிட்டு ஒரு அறிக்கை வந்தால், அந்த வித்தியாசத்தில் எவ்வளவு தண்ணீருடையது, எவ்வளவு கேள்வியுடையது என்று யாராலும் பிரிக்க முடியாது.

நூல்கள் பரிந்துரைக்கும் அடுத்த கட்டம், வேறு இடத்துத் தரவோடு சேர்த்து அளவீட்டுச் சமநிலை பார்ப்பது. படிப்படியாகப் பார்ப்பார்கள்: கேள்விகள் இரண்டு இடத்திலும் ஒரே கட்டமைப்பில் சேர்கின்றனவா, ஒவ்வொரு கேள்வியும் கருத்தாக்கத்தோடு ஒரே அளவு பிணைந்திருக்கிறதா, ஒரே கஷ்டத்தில் இருக்கும் இரண்டு வீடுகள் ஒரே கேள்விக்கு ஒரே மதிப்பெண் வாங்குகின்றனவா. புள்ளியியல் மாதிரி தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண்ணான சிஎஃப்ஐ ஒரு படியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது 0.01-க்கு மேல் விழுந்தால் சமநிலை உடைந்தது என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். நம்முடைய பதினோராவது கேள்வி உடையப்போவது மூன்றாவது படியில். கட்டமைப்பு அப்படியே இருக்கும், பிணைப்பும் பெரிதாக மாறாமல் இருக்கலாம், ஆனால் ஒரே கஷ்டத்துக்கு இங்கே கூடுதல் மதிப்பெண் விழும். முதல் இரண்டு படியோடு நிறுத்திவிட்டுச் சராசரிகளை ஒப்பிடுகிறவர்கள் இதைத் தவறவிடுவார்கள்.

இருமொழி தெரிந்தவர்களிடம் ஆங்கிலத்தையும் தமிழையும் கொடுத்து ஒப்பிடலாமே என்று கேட்கலாம். ஆங்கிலத்தில் இந்தக் கேள்விகளுக்குத் தடுமாறாமல் பதில் சொல்லக்கூடியவர்கள் இங்கே அதிகம் கிடைப்பது ஓசூர் அடுக்குமாடிகளில். அவர்களுடைய தண்ணீர் லாரியிலும் சம்ப்பிலும் இருக்கிறது. பென்னாகரத்துத் தொட்டியைப் பற்றி அவர்கள் எதுவும் சொல்ல முடியாது. அதைவிட உபயோகமானது, ஒரே ஊரில் வீடு வீடாகக் குலுக்கல் போட்டு நூறு வீட்டுக்கு முதல் வடிவம், நூறு வீட்டுக்கு இரண்டாம் வடிவம் கேட்பது. மற்ற 11 கேள்விகளும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க, பதினோராவது மட்டும் விலகினால் அது முழுக்க வார்த்தையின் வேலை. வெளிச் சாட்சியும் சேர்த்துக்கொள்ளலாம்: மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் விடுகிறவர் எந்தெந்த நாள் விட்டார் என்ற குறிப்பு, அந்த 4 வாரத்தில் கேன் வாங்கிய செலவு. இரண்டாம் வடிவத்தின் பதில்கள் போர் பழுதான நாட்களோடு ஒத்துப்போக வேண்டும், தண்ணீர் விடாத நாட்களோடு அல்ல.

இதையெல்லாம் செய்து முடித்த தமிழ் வடிவமும் இந்த இரண்டு மாவட்டங்கள் முழுவதற்கும் செல்லாது. தேன்கனிக்கோட்டை, தளி, கெலமங்கலம் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் நிறைய. அங்கே களப்பணியாளர் தமிழ்த் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாயால் தெலுங்கில் கேட்பார். எழுத்தில் எங்கும் பதியாத ஒரு மொழிபெயர்ப்பு ஒவ்வொரு வாசலிலும் புதிதாக நடக்கும். அந்த ஊர்களைச் சேர்ப்பதாக இருந்தால் தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் தனி வடிவம் வேண்டும். அதைத் தமிழ் வடிவத்திலிருந்து பெயர்க்காமல், ஆங்கில மூலத்தையும் கருத்துக் குறிப்பையும் வைத்துத்தான் தொடங்க வேண்டும். இல்லையென்றால் பென்னாகரத்துக்காகச் சேர்த்த ஒகேனக்கல், ஒகேனக்கல் தண்ணீர் போகாத ஊரிலும் போய் நிற்கும். தமிழிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டு போகக்கூடியவை துருவிக் கேட்கும் கேள்விகள்: எந்தத் தண்ணீரை நினைத்துச் சொன்னீர்கள், அன்றைக்கு வீட்டில் வேறு தண்ணீர் இருந்ததா, குடிக்க என்ன செய்தீர்கள்.